வே கான்சன்ட்ரேட் குடித்தால் வயிறு உப்புகிறது: ஐசோலேட்டுக்கு மாறினால் சரியாகுமா?

மாலைநடை

ஆறு வாரங்களாக மாலை உடற்பயிற்சி முடிந்ததும் வே புரோட்டீன் கான்சன்ட்ரேட் ஒரு ஸ்கூப் எடுத்துக்கொள்கிறேன். 300 மில்லி பாலில் போட்டு, ஷேக்கரில் குலுக்கி, பயிற்சி முடித்த வேகத்திலேயே ஒரே மூச்சில் குடித்துவிடுவேன். முக்கால் மணி நேரத்தில் அடிவயிறு இரையத் தொடங்குகிறது. ஒன்றரை மணி நேரம் ஆவதற்குள் இடுப்புப் பட்டையைத் தளர்த்த வேண்டிய அளவுக்கு உப்பிவிடுகிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் மலமும் இளகிப் போகிறது.

வாங்கிய இடத்தில் சொன்னபோது, "உங்களுக்கு லாக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை, ஐசோலேட் எடுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஐசோலேட்டின் விலை கணிசமாகக் கூடுதல் என்பதால், உண்மையிலேயே பலன் இருக்குமா என்று தெரிந்துகொண்டு வாங்க விரும்புகிறேன். என் டப்பாவின் லேபிளில் உள்ளது இதுதான்: ஒரு ஸ்கூப் 33 கிராம், புரதம் 24 கிராம், கார்போஹைட்ரேட் 4 கிராம், அதில் சர்க்கரை 2 கிராம், கொழுப்பு 2 கிராம். சாக்லேட் சுவை.

பளுப்பிரியன்

இதில் யோசிப்பதற்கு ஒன்றுமில்லை. கான்சன்ட்ரேட் என்பது அரைகுறையாக வடிகட்டிய பொருள். அதில் பாதிக்குப் பாதி லாக்டோஸ்தான். ஐசோலேட்டில் லாக்டோஸே கிடையாது. நானும் ஒரு வருடம் கான்சன்ட்ரேட் குடித்து அவதிப்பட்டவன்தான். ஐசோலேட்டுக்கு மாறிய மூன்றாம் நாளே வயிறு அமைதியாகிவிட்டது. காசைப் பார்த்து வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆலைக்காரர்

பால் பதப்படுத்தும் ஆலையில் வடிகட்டிப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பளுப்பிரியன் சொன்ன "பாதிக்குப் பாதி" என்பது கட்டுக்கதை அல்ல, ஆனால் அது வேறொரு சரக்கைப் பற்றியது. பாலாடைக்கட்டி செய்யும்போது கட்டியிலிருந்து பிரிந்து ஓடும் வெளிர்மஞ்சள் தெளிநீர்தான் வே. அதை அப்படியே உலர்த்தினால் கிடைக்கும் தூளில் முக்கால் பங்கு அளவுக்கு லாக்டோஸ் இருக்கும். புரதம் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். அந்தத் தெளிநீரை நுண்துளை ஜவ்வுகளின் வழியே அழுத்தி ஓட்டும்போது, பெரிய மூலக்கூறான புரதம் ஜவ்வின் ஒரு பக்கமே தங்கிவிடுகிறது. சிறிய மூலக்கூறான லாக்டோஸ் தண்ணீரோடும் உப்புகளோடும் மறுபக்கம் கசிந்துவிடுகிறது. கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தினால் 34 சதவீதப் புரதமுள்ள கான்சன்ட்ரேட் கிடைக்கும். அதில் லாக்டோஸ் ஏறக்குறைய பாதி. தங்கியதன் மேல் நல்ல தண்ணீர் ஊற்றி மறுபடியும் மறுபடியும் கழுவி ஓட்டினால் புரதம் 80 சதவீதம் வரை ஏறும். அப்போது லாக்டோஸ் 4 முதல் 8 சதவீதத்துக்குள் இறங்கிவிடும். இரண்டுக்கும் பெயர் கான்சன்ட்ரேட்தான். உடற்பயிற்சி செய்பவர்களுக்கென்று டப்பாவில் வருவது பெரும்பாலும் 80 சதவீத வகை. 34 சதவீத வகை ரொட்டி, மிட்டாய் ஆலைகளுக்கும் எடை கூட்டும் மாவுகளுக்கும் போகும்.

ஐசோலேட்டுக்கு இன்னும் ஒரு படி கூடுதலாக உண்டு. கொழுப்பையும் தனியே வடித்தெடுத்து, கழுவுவதை நீட்டித்து, புரதத்தை 90 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோவார்கள். லாக்டோஸ் ஒரு சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழோ நிற்கும். "கிடையவே கிடையாது" என்பது சரியல்ல. "பொருட்படுத்த வேண்டாத அளவு" என்பது சரி.

இப்போது மாலைநடை கொடுத்த லேபிளுக்கு வருவோம். லாக்டோஸ் ஒரு கார்போஹைட்ரேட், அதுவும் சர்க்கரை வகை. ஆகையால் உங்கள் ஸ்கூப்பில் லாக்டோஸ், சர்க்கரை என்று எழுதியிருக்கும் 2 கிராமுக்கு மேல் இருக்க முடியாது. இனிப்புக்குச் சர்க்கரையும் சேர்த்திருந்தால் இன்னும் குறைவு. மீதி 2 கிராம் கார்போஹைட்ரேட் கோகோவிலிருந்தும் வேறு எதிலிருந்தோ வந்திருக்கும். ஐசோலேட்டுக்கு மாறினால் அந்த 2 கிராம் கால் கிராமாகும்.

ஆனால் அந்த ஸ்கூப்பை நீங்கள் எதில் கலக்குகிறீர்கள்? 300 மில்லி பாலில் மட்டும் ஏறக்குறைய 14 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. இப்போது குடிப்பது மொத்தம் 16 கிராம். ஐசோலேட் வாங்கி அதே பாலில் கலந்தால் 14 கிராமுக்குச் சற்று மேல். இந்த வித்தியாசத்தை உங்கள் குடல் கவனிக்கக்கூட செய்யாது. டப்பாவை மாற்றுவதற்கு முன் பாலை மாற்றுங்கள். ஒரு வாரம் தண்ணீரில் கலந்து குடித்துப் பாருங்கள்.

மாலைநடை

விரிவான பதிலுக்கு நன்றி, ஐயா. கணக்கு புரிகிறது, ஆனாலும் பாலைக் குற்றம் சொல்ல மனம் ஒப்பவில்லை. நான் சிறு வயதிலிருந்து பால் குடிப்பவள்; நாளொன்றுக்கு அரை லிட்டர் எப்படியும் ஆகும்; ஒருநாளும் வயிறு முரண்டு பிடித்ததில்லை. தூள் வந்த பிறகுதான் இந்தத் தொல்லை. அப்படியிருக்கத் தூளை விட்டுவிட்டுப் பாலைச் சந்தேகிப்பது எப்படி?

நிறைகுடம்

நான் உணவியல் ஆலோசகர். இந்தக் கேள்வியை அடிக்கடி சந்திக்கிறேன். அந்த அரை லிட்டரை எப்படிக் குடித்தீர்கள் என்பதைச் சொல்லவில்லையே? சிறு சிறு கோப்பைகளாக, நாள் முழுவதும் பரவலாக, பெரும்பாலும் உணவோடோ உணவுக்குப் பிறகோ என்றுதான் ஊகிக்கிறேன். இப்போது குடிப்பது 300 மில்லியும் ஒரே தடவையில், வெறும் வயிற்றில், மூச்சு வாங்கிக்கொண்டே.

லாக்டோஸைச் செரிப்பதற்குச் சிறுகுடலின் உட்சுவரில் லாக்டேஸ் என்ற நொதி இருக்கிறது. குழந்தைப் பருவம் கடந்ததும் உலகில் பெரும்பான்மையோருக்கு அது குறைந்துவிடுகிறது. ஆனால் ஒரேயடியாக அற்றுப்போவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் இருக்கிற நொதியே சமாளித்துவிடும். மொத்தமாக வந்து இறங்கினால் மிஞ்சியது பெருங்குடலுக்குப் போய்விடும். அங்கே தண்ணீரை இழுத்து மலத்தை இளக்கும். நுண்ணுயிரிகள் அதைப் புளிக்க வைத்து வாயுவை உண்டாக்கும். உங்கள் இரைச்சலும் உப்புசமும் அதுதான் என்றால், குடித்த அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் வருவது பொருத்தமாகவே இருக்கிறது. லாக்டோஸ் செரிக்காதவர்களில் பலர்கூட ஒரு வேளைக்கு 12 கிராம் வரை பெரிய தொல்லையின்றித் தாங்குகிறார்கள் என்பதே பொதுவான கண்டறிதல். உங்கள் 16 கிராம் அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே நிற்கிறது. தூளின் 2 கிராமை எடுத்துவிட்டாலும் பால் மட்டுமே கோட்டைத் தாண்டிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

வடகரை

நடுவில் என் அனுபவத்தைச் சொல்கிறேன். நான் ஐசோலேட் என்று நம்பித்தான் ஒன்று வாங்கினேன். டப்பாவின் முகப்பில் "ஐசோலேட்" என்று பெரிய எழுத்தில் இருந்தது. தண்ணீரில்தான் கலந்தேன், அதுவும் இரண்டு ஸ்கூப். அப்படியும் வயிறு பொருமியது. ஆகவே ஐசோலேட் என்பதே ஏமாற்று வேலை என்ற முடிவுக்கு வந்துவிட்டேன்.

ஆலைக்காரர்

வடகரை, டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தில் மூலப்பொருள்களின் வரிசையைப் படித்துச் சொல்லுங்கள். எடையில் அதிகமானது முதலில் வரும் என்பது அந்த வரிசையின் விதி. ஐசோலேட், கான்சன்ட்ரேட் இரண்டையும் சேர்த்து ஒரு "புரதக் கலவை" என்று ஒரே பொருளாகக் காட்டி, அதற்குள் ஐசோலேட்டை முதலில் எழுதுவார்கள். அப்படி எழுதினால் ஐசோலேட் 51 பங்கா, 90 பங்கா என்பது வெளியே தெரியாது. கையோடு ஒரு ஸ்கூப்பின் எடை, அதில் புரதம், கார்போஹைட்ரேட் ஆகிய மூன்று எண்களையும் தாருங்கள்.

வடகரை

"வே புரதக் கலவை" என்றுதான் இருக்கிறது; உள்ளே ஐசோலேட், பிறகு கான்சன்ட்ரேட். அதன்பின் மால்ட்டோடெக்ஸ்ட்ரின், கோகோ, மணமூட்டி, குவார் கம், சாந்தன் கம், சுக்ரலோஸ். ஸ்கூப் 40 கிராம், புரதம் 25, கார்போஹைட்ரேட் 9, சர்க்கரை 4, கொழுப்பு 2.5.

ஆலைக்காரர்

40 கிராமில் 25 கிராம் புரதம் என்றால் 62 சதவீதம். உண்மையான ஐசோலேட்டில் சுவை, நிறம், இனிப்பு எல்லாம் சேர்ந்த பிறகும் நூற்றுக்கு எண்பதைத் தாண்டி நிற்கும். 30 கிராம் ஸ்கூப்பில் 25 கிராம் புரதமும் ஒரு கிராமை ஒட்டிய கார்போஹைட்ரேட்டும் இருப்பது அதன் அடையாளம். உங்களுடையது முகப்பில் மட்டும் ஐசோலேட். இரண்டு ஸ்கூப்பில் 8 கிராம் வரை லாக்டோஸ் போயிருக்கலாம். மால்ட்டோடெக்ஸ்ட்ரின் சர்க்கரைக் கணக்கில் வராது என்பதால் அந்த 8 கிராமில் பெரும்பகுதி லாக்டோஸாகவே இருக்க வாய்ப்பு அதிகம். ஏமாற்றியது ஐசோலேட் அல்ல, எழுத்தின் அளவு.

சர்க்கரை என்ற இடத்தில் சுழியம் போட்டிருந்தாலும் ஒரு சிறு எச்சரிக்கை: அரை கிராமுக்குக் கீழே இருந்தால் சுழியம் என்று எழுதப் பல நாடுகளில் அனுமதி உண்டு. இன்னொன்றும் இருக்கிறது. சில தயாரிப்பாளர்கள் ஆலையிலேயே லாக்டேஸ் சேர்த்து லாக்டோஸை உடைத்துவிடுவார்கள். அப்போது லாக்டோஸ் குளுக்கோஸாகவும் கேலக்டோஸாகவும் பிரிந்திருக்கும்; சர்க்கரை எண் குறையாது, ஆனால் வயிற்றுக்குத் தொல்லை தராது. ஆகவே சர்க்கரை எண் என்பது லாக்டோஸின் உச்சவரம்பு. அவ்வளவு லாக்டோஸ் இருக்கிறது என்பதற்குச் சான்று அல்ல.

சுருள்வில்

நல்ல நேரத்தில் இந்த இழை கண்ணில் பட்டது. என் தங்கை மகன் பதினாறு வயதுப் பையன், கால்பந்து ஆடுகிறான். ஒருமுறை நண்பனின் புரத பானத்தை ஒரு வாய் குடித்ததும் பத்து நிமிடத்தில் உதடு வீங்கி, கழுத்தெல்லாம் தடித்துவிட்டது. சிறு வயதிலிருந்தே பால் ஆகாது. லாக்டோஸ் இல்லாத ஐசோலேட் அவனுக்குச் சரியாக இருக்கும் என்று புரிந்துகொள்கிறேன். எந்த அளவில் தொடங்கலாம்?

நிறைகுடம்

தயவுசெய்து தொடங்காதீர்கள், ஒரு சிட்டிகைகூட வேண்டாம். நீங்கள் விவரிப்பது லாக்டோஸ் செரியாமை அல்ல. பால் புரத ஒவ்வாமை. லாக்டோஸ் செரிக்காதவருக்கு வயிறுதான் கலங்கும். உதடு வீங்காது, தோல் தடிக்காது. வேயில் உள்ள பீட்டா லாக்டோகுளோபுலின், ஆல்பா லாக்டால்புமின் ஆகிய புரதங்களே பலருக்கு ஒவ்வாமையைத் தூண்டுபவை. ஐசோலேட் என்பது அந்தப் புரதங்களையே இன்னும் செறிவாக்கிய தூள். லாக்டோஸ் குறைவு என்ற வரி அந்தப் பையனுக்கு எந்தப் பாதுகாப்பும் தராது. புரதத்தை முன்கூட்டியே உடைத்த ஹைட்ரோலைசேட் தூள்களும் விளையாட்டு வீரர்களுக்கென்று விற்கப்படுபவையே தவிர, ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஏற்றவையாகத் தயாரிக்கப்படுபவை அல்ல. ஒவ்வாமை மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறல் வந்தால் உடனே அவசர சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவனுக்குப் புரதம் வேண்டுமென்றால் பாலை அடிப்படையாகக் கொள்ளாத வேறு வழிகள் இருக்கின்றன. அதற்குத் தனி இழை தொடங்கினால் வந்து எழுதுகிறேன்.

சுருள்வில்

இரண்டும் ஒன்றுதான் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். மிக்க நன்றி, அம்மா. தங்கையிடம் இன்றே சொல்லிவிடுகிறேன்.

பளுப்பிரியன்

கான்சன்ட்ரேட்டில் பாதி லாக்டோஸ் என்று நான் எழுதியது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் வயிறு பொய் சொல்லவில்லையே! நான் இரண்டையும் தண்ணீரில்தான் குடித்தேன். பால் எனக்கு முன்பே ஆகாது. கான்சன்ட்ரேட்டில் தொல்லை, ஐசோலேட்டில் தொல்லை இல்லை. 2 கிராமுக்கும் கால் கிராமுக்கும் வித்தியாசமே இல்லையென்றால் எனக்கு மட்டும் எப்படி இது நடந்தது?

ஆலைக்காரர்

ஒரு வேளைக்கு எத்தனை ஸ்கூப்?

பளுப்பிரியன்

இரண்டு. சில நாள் இரண்டரை.

ஆலைக்காரர்

இரண்டரை ஸ்கூப் 80 சதவீத கான்சன்ட்ரேட் என்றால் 6 கிராம் வரை லாக்டோஸ். பால் ஆகாது என்று நீங்களே சொல்கிறீர்கள். வரம்பு தாழ்வாக உள்ளவருக்கு 6 கிராமும் அரை கிராமும் ஒன்றல்ல. உங்களுக்கு ஐசோலேட் நியாயமான தேர்வுதான். நான் மறுத்தது எல்லோருக்கும் அதுவே மருந்து என்பதை மட்டும்.

ஆனால் லாக்டோஸ்தான் காரணம் என்று உறுதியாகவும் சொல்லமாட்டேன். இரண்டு டப்பாக்களும் இரண்டு வேறு கலவைகள். கம் வகை வேறாக இருக்கலாம், இனிப்பூட்டி வேறாக இருக்கலாம், கொழுப்பு குறைந்திருக்கும். ஒரே சமயத்தில் நான்கு மாற்றங்கள் நடந்திருக்கின்றன. எது வேலை செய்தது என்பதைப் பின்னோக்கிச் சொல்ல வழியில்லை.

ஒரு வேடிக்கையையும் இங்கே குறிப்பிட வேண்டும். கொழுப்பு நுரையை அடக்கும். ஐசோலேட்டில் கொழுப்பு மிகக் குறைவாக இருப்பதால் குலுக்கியதும் நுரை எழும்பிக்கொண்டே போகும். அந்த நுரையோடு குடித்துவிட்டு "ஐசோலேட்டிலும் வாயு" என்று வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். குடித்த உடனே மேலே வரும் ஏப்பம் விழுங்கிய காற்று. ஒரு மணி நேரம் கழித்துக் கீழே இரைவது செரிக்காத சர்க்கரை. இரண்டையும் ஒன்றாகக் கருதக் கூடாது. குலுக்கிய பிறகு ஷேக்கரை ஐந்து நிமிடம் மேசைமேல் வைத்துவிட்டுக் குடித்தால் முதல் வகை அடங்கிவிடும்.

மாலைநடை

சரி, வாதம் வேண்டாம், செய்தே பார்த்துவிடுகிறேன். எப்படிச் செய்தால் முடிவு தெளிவாக வரும் என்று ஒருவர் வரிசையாகச் சொல்ல முடியுமா? நான் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடும் ஆள், பிறகு குழம்புவேன்.

நிறைகுடம்

ஒரே நாளில் மாற்றாதிருப்பதுதான் முழு வித்தையும். முதல் மூன்று நாட்கள் தூளும் வேண்டாம், தனிப்பாலும் வேண்டாம். வயிறு வழக்கமான நிலைக்குத் திரும்பட்டும். மூன்று நாட்களில் உப்புசம் போகவில்லையென்றால் காரணம் இந்த இரண்டுக்கும் வெளியே இருக்கிறது; அப்போது இந்தச் சோதனையையே நிறுத்திவிடலாம்.

அதன்பின் இரண்டு நாட்கள், உங்களிடம் உள்ள அதே கான்சன்ட்ரேட் ஒரு ஸ்கூப்பை 300 மில்லி தண்ணீரில் கலந்து குடியுங்கள். அதன்பின் ஒருநாள் இடைவெளி விட்டு, இரண்டு நாட்கள் தூளே இல்லாமல் 300 மில்லி பால் மட்டும். எல்லா நாளும் ஒரே நேரம், முன்னால் உண்பது ஒரே உணவு, பயிற்சியும் ஒரே அளவு. குடித்ததிலிருந்து நான்கு மணி நேரம் வரை எப்போது இரைச்சல் வந்தது, எவ்வளவு உப்பியது என்பதைச் சுழியம் முதல் பத்து வரை ஓர் எண்ணாகக் குறித்துவையுங்கள். மறுநாள் நினைவிலிருந்து எழுத வேண்டாம்.

பாலில் தொல்லை வந்தால் இன்னும் ஒரு படி இருக்கிறது. மருந்துக் கடைகளில் கிடைக்கும் லாக்டேஸ் மாத்திரையை முதல் வாய்ப் பாலோடு விழுங்கிவிட்டு அதே 300 மில்லியைக் குடியுங்கள். தொல்லை மறைந்தால் அது லாக்டோஸ்தான் என்பதற்கு வீட்டிலேயே கிடைக்கும் நல்ல சான்று. குடித்து முடித்து அரை மணி கழித்து மாத்திரை போடுபவர்கள் "பலனில்லை" என்பார்கள். அப்போது பால் மாத்திரையைத் தாண்டிப் போயிருக்கும். இதைவிட உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் மூச்சில் ஹைட்ரஜன் அளக்கும் சோதனை மருத்துவமனைகளில் உண்டு.

எடை காரணமின்றிக் குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, வயிற்றுவலி இரவில் தூக்கத்தைக் கலைத்தாலோ இந்த வீட்டுச் சோதனைகளை விட்டுவிட்டு நேராக மருத்துவரிடம் போங்கள்.

மாலைநடை

பன்னிரண்டு நாட்கள் கழித்து வருகிறேன். நோட்டில் எழுதியதை அப்படியே தருகிறேன்.

எதுவுமே குடிக்காத மூன்று நாட்களில் உப்புசம் இல்லை. தண்ணீரில் கலந்த தூள்: முதல் நாள் இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு இலேசான இரைச்சல், பத்துக்கு இரண்டு; இரண்டாம் நாளும் இரண்டு. பால் மட்டும்: முதல் நாள் ஐம்பதாவது நிமிடத்தில் இரைச்சல், ஒன்றரை மணியில் பத்துக்கு ஏழு, இரவு மலம் இளகியது, இரண்டாம் நாள் ஆறு. மாத்திரையோடு பால்: இரண்டு நாட்களும் ஒன்று என்று போட்டிருக்கிறேன், உண்மையில் சுழியம் என்றே போட்டிருக்கலாம்.

ஆக, தூளின் மேல் பழி போட்டது தவறு, பால்தான். ஆனால் இத்தனை ஆண்டுகள் பழகிய பால் இப்போது ஏன் முரண்டு பிடிக்கிறது என்பதும், தண்ணீரில் கலந்த தூளுக்கு வரும் அந்த இரண்டு எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்கு விளங்கவில்லை. டப்பாவின் மூலப்பொருள் வரிசையைப் படித்தேன்: வே புரோட்டீன் கான்சன்ட்ரேட், கோகோ, இன்யூலின், மணமூட்டி, சாந்தன் கம், சுக்ரலோஸ்.

நிறைகுடம்

அழகாகச் செய்திருக்கிறீர்கள். இரண்டு கேள்விகள்: கடந்த சில மாதங்களில் கடுமையான வயிற்றுப்போக்கு ஏதும் வந்ததா? அதற்குப் பிறகுதான் இந்தத் தூளை ஆரம்பித்தீர்களா?

மாலைநடை

ஆமாம்! இரண்டு மாதங்களுக்கு முன் கெட்டுப்போன உணவால் நான்கு நாட்கள் வயிற்றுப்போக்கு. உடம்பு இளைத்துவிட்டது என்றுதான் புரதத் தூளையே தொடங்கினேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

நிறைகுடம்

குடல் தொற்று சிறுகுடலின் உட்சுவரைப் புண்படுத்தும்போது, அந்தச் சுவரின் நுனியில் இருக்கும் லாக்டேஸ்தான் முதலில் அடிவாங்கும். அது திரும்பி வருவதற்குச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் ஆகும். உங்கள் பால் தொல்லை அப்படிப்பட்ட தற்காலிகக் குறைவாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அதற்கு முன் நீங்கள் ஒரே தடவையில் 300 மில்லி குடித்துப் பார்த்ததே இல்லை என்பதால், பழைய வரம்பு எங்கே இருந்தது என்பது நமக்குத் தெரியாது. இரண்டு மாதங்கள் கழித்து அதே 300 மில்லியை அதே முறையில் சோதித்துப் பாருங்கள். அதுவரை பாலைச் சிறு அளவில் உணவோடு எடுத்துக்கொள்ளலாம். முழுவதுமாக ஒதுக்க வேண்டியதில்லை.

ஆலைக்காரர்

அந்த மீதி "இரண்டு" இன்யூலினாக இருக்கலாம். அது நார்ச்சத்து, சிறுகுடலில் யாருக்குமே செரிக்காது, பெருங்குடலில் நன்றாகப் புளிக்கும். லாக்டேஸ் மாத்திரை அதன்மேல் வேலை செய்யாது. ஆனால் உங்கள் லேபிள்படி கோகோவும் சேர்த்தே 2 கிராம்தான் மிச்சம். ஒரு கிராமை ஒட்டிய இன்யூலின் இவ்வளவு செய்யுமா என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

நிறைகுடம்

புண்பட்டு மீளும் குடலில் ஒரு கிராமும் செய்யக்கூடும் என்பது என் எண்ணம். இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம் போலிருக்கிறது.

ஆலைக்காரர்

ஒத்துப்போக வேண்டாம், சோதித்துவிடலாம். அடுத்த டப்பா வாங்கும்போது சுவையூட்டாத கான்சன்ட்ரேட் வாங்குங்கள். மூலப்பொருள் வரிசையில் வே கான்சன்ட்ரேட்டும், கட்டி தட்டாமலிருக்க லெசித்தினும் மட்டும் இருக்க வேண்டும். அதில் 2 கிராம் லாக்டோஸ் அப்படியே இருக்கும். இன்யூலினும் கம்மும் இருக்காது. அதிலும் அந்த இரண்டு வந்தால் லாக்டோஸைச் சந்தேகித்து ஐசோலேட்டுக்குப் போகலாம். வராவிட்டால் கூடுதல் காசு மிச்சம்.

பளுப்பிரியன்

சுவையூட்டாததைக் குடித்துப் பார்த்திருக்கிறீர்களா, ஐயா? ஈரச் சுண்ணாம்பைக் கரைத்துக் குடிப்பது போலிருக்கும். வயிறு தாங்கினாலும் நாக்கு தாங்காது.

ஆலைக்காரர்

குடித்திருக்கிறேன், ஆலையில் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு வாய். சுண்ணாம்பு அல்ல, காய்ச்சி ஆறிப்போன பாலின் வாடை. வீட்டில் கோகோவும் சிறிது சர்க்கரையும் நீங்களே சேர்த்துக்கொள்ளலாம். அப்போது உள்ளே என்ன இருக்கிறது என்பதாவது தெரியும்.

மாலைநடை

சுவையூட்டாததில் அரை கிலோ பை ஒன்று வாங்கிவிட்டேன். இன்று இரண்டாம் நாள். தண்ணீரில், நுரை அடங்கும்வரை ஐந்து நிமிடம் வைத்துக் குடித்தேன். நேற்று சுழியம், இன்று இரண்டு மணி நேரம் ஆகியும் சுழியம். சுவையைப் பற்றி இப்போது பேச வேண்டாம். சாக்லேட் டப்பாவில் இன்னும் பாதி மிச்சமிருக்கிறது. அடுத்த வாரம் அதற்குத் திரும்பிப் போய் அந்த இரண்டு மறுபடியும் வருகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.